கடைச் சுவரில் கார் மோதிவிட்டது, காப்பீடு எவ்வளவு தரும்? அவசரம்

தண்டையார்பேட்டை_வாசி: நேற்று இரவு திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் ஒரு மளிகைக் கடையின் சுவரில் என் கார் மோதிவிட்டது. சுவரும் ஷட்டரும் சேர்த்து 68,000 ரூபாய் கேட்கிறார் கடைக்காரர். நாளைக்கே பணம் வேண்டுமாம். காப்பீடு தருமா? கொடுத்துவிட்டு ரசீதை வைத்துத் திரும்ப வாங்கிக்கொள்ளலாமா?

ராயபுரம்_ரவி: கவலை வேண்டாம் சார். மூன்றாம் நபர் சொத்துச் சேதத்துக்கு 7,50,000 ரூபாய் வரை எல்லாக் கார் பாலிசியிலும் உண்டு. கொடுத்துவிட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

கணக்குப்பிள்ளை: கேள்வி கேட்பவர்கள் பாலிசியை ஒருமுறை படித்துவிட்டு வந்தால் எங்கள் நேரம் மிச்சமாகும். முழுப் பாலிசியா, மூன்றாம் நபர் பாலிசி மட்டுமா? வண்டியை ஓட்டியது யார்? உரிமம் இருந்ததா? யாருக்காவது அடிபட்டதா? ரவி, நீங்கள் சொன்னதில் முதல் வாக்கியம் பாதி சரி, இரண்டாவது முழுத் தவறு.

மாதவரம்_மணி: போன வருடம் பின்னால் எடுக்கும்போது என் வீட்டு கேட்டையே இடித்துவிட்டேன். ஒரு ரூபாய்கூடத் தரவில்லை. காப்பீடே ஏமாற்று வேலை.

செல்வி_சர்வேயர்: மணி அண்ணா, உங்கள் கேட் உங்கள் சொந்தச் சொத்து. பாலிசிதாரரின் சொத்தோ அவர் பொறுப்பில் இருக்கும் சொத்தோ இந்தப் பிரிவில் வராது. கடைச் சுவர் வேறு.

தண்டையார்பேட்டைக்காரரே, முதலில் பணம் கொடுக்காதீர்கள். நிறுவனத்தின் எழுத்துச் சம்மதம் இல்லாமல் நீங்களாகத் தவற்றை ஒப்புக்கொள்வதோ, தொகை பேசுவதோ, கொடுப்பதோ கூடாது என்பது பாலிசி நிபந்தனை. ரசீதோடு போனால் அதைக் காட்டியே மறுத்துவிடுவார்கள். இன்றே அவர்களுக்குத் தகவல் கொடுத்து, சுவரை இடித்துக் கட்டுவதற்கு முன் சர்வேயரை அனுப்பச் சொல்லுங்கள். சேதத்தைப் பல பக்கங்களிலிருந்து படம் எடுங்கள், காவல் நிலையத்திலும் எழுதிக் கொடுங்கள்.

இரண்டாவது, பாலிசி அட்டவணையில் 'பொறுப்பின் வரம்பு' என்ற இடத்தில் சொத்துச் சேதத்துக்கு எதிரே என்ன தொகை இருக்கிறது? 7,50,000 என்றால் நிம்மதி. அதன் அருகே ஒப்புதல் எண்கள் வரிசையாக இருக்கும். அதில் IMT 20 இருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தால் வரம்பு 6,000 ரூபாய்தான். காருக்கு 100 ரூபாய் பிரீமியம் குறையும் என்பதற்காக இணையத்தில் வாங்கும்போது அந்தக் கட்டத்தில் டிக் போட்டுவிடுகிறார்கள்.

ராயபுரம்_ரவி: 100 ரூபாய்க்கு ஏழு லட்சத்தை விடுவார்களா? நம்ப முடியவில்லை. என்னுடையதில் 22 என்று இருக்கிறது, 20 இல்லை.

கணக்குப்பிள்ளை: 22 என்பது உங்கள் காரின் சேதத்தில் நீங்கள் ஏற்க வேண்டிய கட்டாயப் பிடித்தம். இதற்கும் அதற்கும் தொடர்பே இல்லை. அட்டவணையைப் படிக்கத் தெரியாமல் ஆலோசனை சொல்கிறீர்கள்.

தண்டையார்பேட்டை_வாசி: முழுப் பாலிசிதான். ஓட்டியது என் மைத்துனர், உரிமம் இருக்கிறது. யாருக்கும் அடியில்லை. சொல்ல மறந்துவிட்டேன், சுவர் ஓரம் நின்ற ஸ்கூட்டரும் நசுங்கிவிட்டது. அவர் 17,000 கேட்கிறார். அது தனிக் கணக்குதானே?

செல்வி_சர்வேயர்: இல்லை. ஒரே விபத்தில் எத்தனை பேர் கேட்டாலும் வரம்பு ஒன்றுதான். இருவர் கேட்பதும் அப்படியே ஏற்கப்பட்டால் மொத்தம் 85,000. வரம்பு 7,50,000 என்றால் முழுவதும் உள்ளே அடங்கும். 6,000 என்றால் அதை இருவரும் பங்கிட, மீதி 79,000 உங்கள் தலையில்.

மாதவரம்_மணி: ஸ்கூட்டர்காரர் தன் பாலிசியிலேயே வாங்கிக்கொள்ளட்டுமே?

ராயபுரம்_ரவி: அவர் ஏன் தன் நோ கிளெய்ம் போனஸை இழக்க வேண்டும்? நிறுத்தி வைத்த வண்டி!

மாதவரம்_மணி: அவருக்குப் பணம் சீக்கிரம் கிடைக்கும். அப்புறம் அந்த நிறுவனம் இவரைத் துரத்தட்டும்.

ராயபுரம்_ரவி: அதைத்தான் சொல்கிறேன், கடைசியில் இவரிடம்தான் வரும். அவருக்கு வெறும் மூன்றாம் நபர் பாலிசி என்றால் அதுவும் நடக்காது.

கணக்குப்பிள்ளை: இழை கடைச் சுவரைப் பற்றியது.

செல்வி_சர்வேயர்: இருவர் சொல்வதும் நடப்பதுதான். மூன்றாம் நபர் கோரிக்கையால் நம் போனஸ் குறையாது. ஆனால் உங்கள் பம்பரைப் பாலிசியில் சரிசெய்தால் போகும். கடைக்காரரின் அவசரம்தான் சிக்கல். சமரசம் ஆகாவிட்டால் அவர் விபத்து நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் மோட்டார் விபத்துத் தீர்ப்பாயத்தில் மனுப் போட வேண்டும். தீர்ப்பாயம் இருக்கும் பகுதியில் இதற்காகச் சிவில் நீதிமன்றத்துக்குப் போக முடியாது. அதுவரை அவர் பொறுப்பாரா என்பது உங்கள் பேச்சுத் திறமை.

தண்டையார்பேட்டை_வாசி: பார்த்துவிட்டேன். 20, 22, 28 என்று இருக்கிறது. சொத்துச் சேதம் 6,000. பாலிசி வாங்கிக் கொடுத்தது மைத்துனர்தான். நிறுவனத்துக்குத் தகவல் சொல்லிவிட்டேன், சர்வேயர் வருவதாகச் சொல்கிறார்கள்.

ராயபுரம்_ரவி: அப்படியானால் வரம்புக்கு மேலுள்ள தொகையை மட்டும் இவரே கடைக்காரரோடு பேசி முடிக்கலாமா? அதற்கும் சம்மதம் வேண்டுமா?

கணக்குப்பிள்ளை: வேண்டும். நிபந்தனையில் தொகை குறிப்பிடவில்லை.

செல்வி_சர்வேயர்: எழுத்தில் கேட்டுவிட்டுப் பேசுவது நல்லது. 6,000-க்கு மேல் தங்கள் பணம் இல்லை என்பதால் சில அலுவலகங்கள் எதிர்ப்புச் சொல்வதில்லை, சில பதிலே போடுவதில்லை. கடைக்காரரிடம் மேஸ்திரியின் மதிப்பீட்டை வாங்குங்கள். ஷட்டருக்குப் புதிய விலை கேட்டிருப்பார், பழைய ஷட்டருக்குத் தேய்மானம் உண்டு. மைத்துனரிடம் என்ன பேசினீர்கள்?