இன்னும் வராத பகுதிக்கு இப்போதே இணைப்பு கொடுக்கலாமா?

இளமாறன்: கணினிக் கோப்புகளைக் காப்புப் பிரதி எடுப்பது பற்றி ஐந்து பகுதிகளில் ஒரு தொடர், வாரம் ஒன்றாக எழுதப்போகிறேன். எதைப் பிரதி எடுப்பது, வெளி வட்டு, மேகச் சேமிப்பு, கடவுச்சொல்லும் மீட்புச் சாவியும், மீட்டுப் பார்ப்பது என்பதுதான் வரிசை. இரண்டாம் பகுதியிலேயே நான்காம் பகுதியைச் சுட்ட வேண்டி வருகிறது. அதுவோ இன்னும் வெளிவந்திருக்காது. இணைப்பு கொடுக்கலாமா?

கயல்விழி: தாராளமாகக் கொடுக்கலாம். ஐந்தையும் முதலிலேயே எழுதி, வேர்ட்பிரஸில் தேதி குறித்து வைத்துவிடுங்கள். முகவரி அப்போதே கிடைத்துவிடும், அதை எடுத்து இரண்டாம் பகுதியில் போட்டுவிட்டால் வேலை முடிந்தது.

தேன்மொழி: முகவரி கிடைக்கும் என்பது சரி. ஆனால் அந்தத் தேதி வரும்வரை வெளியிலிருந்து வருபவருக்கு அங்கே 404தான் தெரியும். தளத்துக்குள் நுழைந்திருக்கும் உங்களுக்குப் பக்கம் திறக்கும் என்பதால் பிழை கண்ணில் படாது. வெளியேறிவிட்டு, தனிப்பட்ட சாளரத்தில் அழுத்திப் பாருங்கள்.

தொடருக்கு ஒரு முகப்புப் பக்கம் போட்டு, முதல் பகுதி வரும் அன்றே அதையும் வெளியிடுங்கள். ஐந்து தலைப்பும் வரிசையாக அதில் இருக்கட்டும். வந்தவற்றுக்கு மட்டும் இணைப்பு, மற்றவை வெறும் எழுத்து. கட்டுரைக்குள் முன்னோக்கிச் சுட்டும்போதெல்லாம் முகப்புக்கே இணைப்பு கொடுங்கள். நான்காம் பகுதி வந்ததும் அந்த இணைப்பை நேரே அதற்கு மாற்றிக்கொள்ளலாம். முகவரியில் பகுதி எண் வேண்டாம்.

```
/backup/
/backup/external-disk/
/backup/recovery-key/
```

`part-4` என்று வைத்துவிட்டு, பிறகு நடுவில் ஒரு பகுதியைச் செருகினால் அதற்குப் பின் உள்ள எல்லா முகவரியும் பொய்யாகிவிடும். எண்ணைத் தலைப்பில் மட்டும் வையுங்கள், அங்கே மாற்றுவது எளிது.

பரிதி: தலைப்பகுதியில் `rel="next"`, `rel="prev"` போட்டால் வாசிப்பு வரிசையைத் தேடுபொறியே புரிந்துகொள்ளுமே? இவ்வளவு பாடு எதற்கு?

தேன்மொழி: பக்கங்களை வரிசைப்படுத்த அதைப் பயன்படுத்துவதில்லை என்று கூகுள் 2019லேயே சொல்லிவிட்டது. போடுவதால் கெடுதல் இல்லை. ஆனால் இளமாறன் கேட்பது வாசகருக்கான வரிசை. தேடலில் நேரே மூன்றாம் பகுதிக்கு வந்து விழுபவர், இது ஒரு தொடர் என்பதைக் கட்டுரையின் முதல் வரியிலேயே அறிய வேண்டும்.

அன்பரசு: நான் தொடர்களை மின்னஞ்சலில்தான் படிக்கிறேன். அப்படி ஒரு தொடரில் பின்னால் வரவிருந்த பகுதிக்குக் கொடுத்திருந்த இணைப்பு திறக்கவே இல்லை. தளத்தில் பிறகு திருத்திவிட்டார்கள், என் அஞ்சலில் அதே பழைய முகவரி அப்படியே கிடக்கிறது.

தேன்மொழி: முகப்புக்கு இணைப்பு கொடுக்கச் சொன்னதற்கு இதுவே பெரிய காரணம். அனுப்பிய அஞ்சலைத் திருத்த வழியே இல்லை. முகப்பின் முகவரி அன்றும் திறக்கும், ஆறு மாதம் கழித்தும் திறக்கும்.

ஆனால் இளமாறன், அந்த இரண்டாம் பகுதி எனக்குக் கவலை தருகிறது. அங்கே எதற்காக நான்காம் பகுதியைச் சுட்டுகிறீர்கள்?

இளமாறன்: வெளி வட்டை பிட்லாக்கர் கொண்டு பூட்டச் சொல்கிறேன். மீட்புச் சாவியை எங்கே பத்திரப்படுத்துவது என்பது நான்காம் பகுதியில் வருகிறது.

தேன்மொழி: அப்படியானால் எந்த இணைப்பும் உதவாது. இரண்டாம் வாரம் படிப்பவர் அன்றே வட்டைப் பூட்டிவிடுவார். அந்த 48 இலக்கச் சாவியைப் பற்றி நீங்கள் பேச இன்னும் இரண்டு வாரம் இருக்கிறது. இடையில் கடவுச்சொல் மறந்துபோனால், சாவியும் கைவசம் இல்லையென்றால், கோப்புகள் போனதுதான். சாவியைப் பத்திரப்படுத்தும் பத்தியை இரண்டாம் பகுதிக்கே கொண்டுவாருங்கள். ஒரு பகுதியில் சொன்ன வேலையை, எந்த இணைப்பையும் அழுத்தாமல் வாசகர் பத்திரமாக முடிக்க முடிய வேண்டும். கூடுதலாக அறிய விரும்புபவருக்கு மட்டுமே முன்னோக்கிய இணைப்பு.

கயல்விழி: இதற்காகத்தான் ஐந்தையும் முதலிலேயே எழுதச் சொன்னேன். முழுவதும் கையில் இருந்தால் இந்த ஓட்டை தானாகவே தெரிந்திருக்கும்.

தேன்மொழி: ஒவ்வொரு பகுதிக்கும் இரண்டே வரி போதும்: வாசகருக்கு முன்கூட்டி என்ன தெரிந்திருக்க வேண்டும், முடிவில் அவர் கையில் என்ன இருக்கும். அதிலேயே இந்த ஓட்டை தெரிந்துவிடும். ஐந்தையும் எழுதி வைத்துவிட்டால், முதல் பகுதிக்கு வரும் கேள்விகளைக் கேட்டு மற்றவற்றை மாற்ற மனம் வராது.

கயல்விழி: எழுதியதை மாற்ற எனக்கு மனம் வரும். பாதியில் நின்றுபோன தொடர்களைத்தான் பொறுக்க முடியவில்லை.

இளமாறன்: சாவிப் பத்தியை இரண்டுக்கு மாற்றிவிட்டேன். நான்காம் பகுதி பாதியாகச் சுருங்கிவிட்டது, மேகச் சேமிப்போடு சேர்த்துவிடலாம். அப்புறம், மீட்டுப் பார்ப்பது கடைசியிலேயே இருக்கட்டுமா?

அன்பரசு: வேண்டாம், வெளி வட்டுக்கு அடுத்தே வையுங்கள். ஒரு கோப்பையாவது மீட்டுப் பார்க்காமல் இன்னும் சில வாரம் அந்தப் பிரதியை நம்பச் சொல்வது தப்பு.

தேன்மொழி: மேகத்திலிருந்து மீட்கும் முறை வேறு. அங்கே வைத்தால் அதை இரண்டாக உடைக்க வேண்டிவரும். கடைசியே மேல் என்பது என் எண்ணம்.

அன்பரசு: உடைத்தால் என்ன? முகவரியில்தான் எண் இல்லையே.