எல்லா காலத்துக்கும் ஒரே 5 சதவீதமா?

மடிவாளா குமரன்: "தினமும் வர்ற ஃபைல்ல எந்த காலத்துல வெற்று மதிப்பு 5 சதவீதத்தைத் தாண்டினாலும் அலாரம் அடிக்கணும். எல்லா காலத்துக்கும் அதே 5. மூணு வருஷமா இதைத்தான் ஓட்டறேன், இதுக்கு மேல எதுவும் தேவையில்ல."

ஒயிட்ஃபீல்ட் சுதா: இதைப் படிச்சுட்டு சும்மா போக முடியல குமரன். போன மாசம் இந்த 5 சதவீதத்தால எங்க டீம் ஒரு நாள் முழுக்கத் திண்டாடுச்சு. பார்சல் டெலிவரி ஃபீட், நாளைக்கு சுமார் 2 லட்சம் வரி. பின்கோடு காலத்துல எப்பவும் 1.8 சதவீதம் காலியா வரும், அதாவது 3,600 வரி. அந்தச் செவ்வாய்க்கிழமை 4.6 வந்துச்சு. அஞ்சைத் தாண்டலையே, அலாரம் வாயே திறக்கல. சாயந்திரம் ஹப்புல இருந்து ஃபோன் வந்தப்புறம்தான் தெரிஞ்சுது.

மடிவாளா குமரன்: 4.6 எல்லாம் ஒரு விஷயமா? 5-க்குக் கீழ இருந்தா சமாளிக்கலாம்.

ஒயிட்ஃபீல்ட் சுதா: மொத்தமாப் பார்த்தா சின்னதாத் தெரியும். ஹப் வாரியாப் பிரிச்சோம். ஒரே ஒரு ஹப்போட 5,700 வரியிலயும் பின்கோடு இல்ல. நூத்துக்கு நூறு காலி. அவங்க ஆப்ல ஹெட்டர் பேரை `pincode`-ல இருந்து `pin_code`-ஆ மாத்தியிருக்காங்க, நம்ம பக்கம் பழைய பேரையே தேடி வெத்தா எழுதிடுச்சு. மத்த ஹப் எல்லாம் வழக்கம்போலத்தான். 5,700 பார்சல் எங்க போகணும்னு தெரியாம நின்னுது. அது சமாளிக்கிற விஷயமா?

ஜெயநகர் ரகு: நடுவுல வர்றதுக்கு மன்னிக்கணும். "காலம்"னு எழுதினா நேரம்னு அர்த்தமாயிடும். நெடுவரிசைன்னு நல்ல சொல் இருக்கே.

மடிவாளா குமரன்: ரகு சார், போன தடவையும் இதே மாதிரி வந்து திரியை வேற பக்கம் இழுத்தீங்க.

ஜெயநகர் ரகு: போன தடவை நான் சொன்னது சரியாத்தான் இருந்துச்சு. நீங்க ஒத்துக்கல, அவ்வளவுதான்.

கணக்கு மணி: 5-ம் தப்பு, அக்கா கண்ணால பார்க்கறதும் தப்பு. ஸ்டாட்டிஸ்டிக்ஸ்ல இதுக்கு ஃபார்முலா இருக்கு, `sqrt(p*(1-p)/n)`. வழக்கமான சதவீதத்துல இருந்து மேலயோ கீழயோ அதுக்கு மூணு மடங்கைத் தாண்டி விலகினா அலாரம். காலேஜ் முதல் வருஷப் பாடம்.

ஒயிட்ஃபீல்ட் சுதா: தம்பி, போட்டுப் பார்த்தியா? 1.8 சதவீதம், 2 லட்சம் வரி வெச்சா உன் ஃபார்முலா 0.03 சதவீதப் புள்ளி தரும், மூணு மடங்கு 0.09. எங்களோட எட்டு செவ்வாய்க்கிழமை இது: 1.6, 1.9, 1.8, 1.7, 1.8, 2.0, 1.8, 1.9. எல்லாமே நல்ல நாள்தான். அதுல அஞ்சு நாள் உன் அலாரம் அடிச்சிருக்கும். ஒவ்வொரு வரியும் தனித்தனியா நாணயம் சுண்டின மாதிரி காலியாகும்னு அந்த ஃபார்முலா நினைக்குது. நிஜத்துல ஒரு ஆளு, ஒரு ஆப்னு மொத்தமாத்தான் காலியாகும். வரி கூடினா ஃபார்முலா இன்னும் இறுகும், நாளுக்கு நாள் வர்ற ஆட்டம் மட்டும் குறையாது. அந்த ஆட்டத்தைப் பழைய நாளை வெச்சுத்தான் அளக்கணும்.

```python
base = hist[hist.dow == d].tail(8).share
med = base.median()
mad = (base - med).abs().median()
limit = med + max(0.01, 4 * 1.4826 * mad)
```

அதே கிழமையோட கடைசி எட்டு நாளை எடுக்கறோம். மேல இருக்கற எண்ணுக்கு நடு மதிப்பு 1.8, வழக்கமான விலகல் 0.1. நாலு மடங்கு போட்டா 0.59 வரும், குறைஞ்சது ஒரு புள்ளியாவது விடணும்னு வெச்சிருக்கறதால எல்லை 2.8. 4.6 வந்த அன்னைக்குக் காலையிலயே அடிச்சிருக்கும். அந்த ஒரு புள்ளியை விட்டுடாதீங்க. எப்பவும் 0 வர்ற காலத்துல விலகலும் 0, ஒரே ஒரு வரி காலியானாலும் கத்த ஆரம்பிச்சுடும்.

மடிவாளா குமரன்: இவ்வளவு கோடு எழுதி என்ன சாதிச்சீங்க? 5-ஐ 2.8 ஆக்கினீங்க. நானும் 2.8-னு போட்டா முடிஞ்சுது.

ஒயிட்ஃபீல்ட் சுதா: உங்க ஃபைல்ல ஜிஎஸ்டி நம்பர் காலம் இருக்கா? எங்களுக்கு அது சாதாரண நாள்லயே 35 சதவீதம் காலி, ஞாயிறுன்னா 60. கடைக்காரங்க அன்னைக்கு அனுப்பறதில்ல, வீட்டு ஆளுங்கதான் அனுப்பறாங்க, அவங்ககிட்ட ஏது ஜிஎஸ்டி? அதுக்கு 5-ஓ 2.8-ஓ வெச்சா தினமும் அடிக்கும். அதனாலதான் ஞாயிறை ஞாயிறோட ஒப்பிடறது.

மடிவாளா குமரன்: அந்தக் காலத்தை லிஸ்ட்ல இருந்து எடுத்துட்டேன். மத்த எல்லாத்துக்கும் 5.

ஒயிட்ஃபீல்ட் சுதா: அப்ப "எல்லா காலத்துக்கும் 5"னு ஏன் எழுதினீங்க?

பெல்லந்தூர் தேவி: எனக்கும் இந்தப் பிரச்சினை இருக்கு. வெற்றா இருக்கறதை சராசரியால நிரப்பறதா, நடு மதிப்பாலயா? எங்க மேனேஜர் 0 போடச் சொல்றார்.

ஒயிட்ஃபீல்ட் சுதா: தேவி, நிரப்பறது வேற கதைம்மா. ஆனா அந்த 0 வேண்டாம். ஹெட்டரைச் சரி பண்ணிட்டோம்னு சொன்ன அதே ஹப், அடுத்த வாரம் பின்கோடு இல்லாத இடத்துல எல்லாம் `000000` எழுதி அனுப்பிச்சு. அவங்க காலி சதவீதம் 0 ஆயிடுச்சு, எல்லாரும் சந்தோஷம். அதுக்கப்புறம்தான் ஹப் வாரியா, கீழ் பக்கமும் எல்லை வெச்சேன். திடீர்னு காலியே இல்லாம போறதும் கோளாறுதான்.

பெல்லந்தூர் தேவி: எங்க நாட்டுக் கோடுல நமீபியா மட்டும் எப்பவும் காலியா வருதே, அதுவும் கோளாறா?

ஒயிட்ஃபீல்ட் சுதா: அது `NA`. பாண்டாஸோட `read_csv` அதை வெற்றுன்னு எடுத்துக்கும். `keep_default_na=False` போட்டுப் பாருங்க. அப்படிப் போட்டா நிஜமாவே காலியா இருக்கறது வெறும் `''` ஆ வரும், அதையும் சேர்த்து எண்ணணும்.

கணக்கு மணி: அக்கா, ஃபார்முலா ஒரேயடியா வேஸ்ட் இல்ல. சின்ன ஹப்புல 40 வரிதான் வருதுன்னா ரெண்டு வரி காலியானாலே 5 சதவீதம். குமரன் அண்ணன் அலாரம் வாசல்ல வந்து நிக்கும். ஃபார்முலா போட்டா ஒண்ணுமில்லன்னு தெரியும்.

ஒயிட்ஃபீல்ட் சுதா: அது சரி. ஹப் வாரியாப் பிரிக்கிறப்ப, வரி கம்மியான இடத்துல உன் ஃபார்முலா வேணும். 2 லட்சத்துக்கு வேண்டாம்.

கணக்கு மணி: அப்ப நான் சொன்னது சரிதான்னு ஒத்துக்கறீங்க.

ஒயிட்ஃபீல்ட் சுதா: 40 வரிக்கு.

ஜெயநகர் ரகு: நமீபியா கேள்விக்கெல்லாம் பதில் வருது, நெடுவரிசைக்கு இன்னும் வரல.

மடிவாளா குமரன்: சுதா மேடம், உங்க முறையில ஒரு ஓட்டை. ஒரு காலம் தொடர்ந்து காலியாவே வந்தா உங்க நடு மதிப்பும் ஏறிடும். அஞ்சாறு வாரத்துல அலாரம் தானா அடங்கிடும். என் 5 அடங்காது.

ஒயிட்ஃபீல்ட் சுதா: நியாயமான கேள்வி. அலாரம் அடிச்ச நாளை `hist`-ல சேர்க்கறதில்ல, யாராவது பார்த்து "இது இனிமே இப்படித்தான்"னு கையெழுத்துப் போட்டாதான் சேரும். அதை யாரும் பார்க்காம விட்டு, மூணு வாரமா தினமும் அதே அலாரம் வந்து எல்லாரும் அந்த சேனலை ம்யூட் பண்ண கதையும் எங்ககிட்ட நடந்துருக்கு. அதுக்கு எனக்கு இன்னும் நல்ல வழி கிடைக்கல.

மடிவாளா குமரன்: பார்த்தீங்களா. 5-க்கு இந்தத் தொல்லையே இல்ல.

ஒயிட்ஃபீல்ட் சுதா: உங்க 5-க்குக் கீழ மூணு வருஷமா என்னென்ன போச்சுன்னு பார்த்திருக்கீங்களா? ஹப் வாரியாப் பிரிச்சு, ஒரே ஒரு நாளைக்குப் போடுங்க. நூறு சதவீதம் காலியா ஒரு இடமாவது வரும்.

மடிவாளா குமரன்: கம்பெனி டேட்டா. இங்க போட முடியாது.

ஒயிட்ஃபீல்ட் சுதா: எண் வேண்டாம். பிரிச்சுப் பார்த்தீங்களா, இல்லையான்னு மட்டும் சொல்லுங்க.

மடிவாளா குமரன்: 5 போதும்னு சொல்லிட்டேன்.