‘மரத்தை’: உருபன் இரண்டா, மூன்றா?

தேர்வு வினாத்தாளுக்கு விடைக்குறிப்பு தயாரிப்பவர்கள் உதவுங்கள். ‘மரத்தை என்பதில் எத்தனை உருபன்கள்?’ என்ற வினாவுக்கு 2, 3 இரண்டுமே விடைத்தெரிவில் உள்ளன.

இலக்கணப்படி மரம்+அத்து+ஐ, அத்து சாரியை, ஆக மூன்று. ஆனால் உருபன் என்றால் பொருள் தரும் மிகச்சிறு அலகு. அத்துக்குத் தனிப்பொருள் ஏது? ‘மரத்து’ என்பதை மரம் என்ற உருபனின் மாற்றுருபாகக் கொண்டால் விடை இரண்டு. ‘வீட்டை’யில் சாரியையே இல்லை, டகரம்தான் இரட்டிக்கிறது, அங்கே எல்லோரும் இரண்டு என்கிறோம். அதனால் இங்கும் இரண்டே பொருத்தமாகப் படுகிறது.

அத்துவை ‘வெற்றுருபு’ என்று தனியே எண்ணுவோரும் உண்டு. சாரியையைப் பிரித்துக் காட்டிய மாணவருக்கு மதிப்பெண் தருவீர்களா? வினாவில் ‘பொருளுள்ள உருபன்கள்’ என்று சேர்த்தால் குழப்பம் தீருமா?