கோப்புறையின் `x`-க்கு என்ன பெயர் வைக்கலாம்?

பாளையங்கோட்டையிலிருந்து

எல்லோருக்கும் வணக்கம். அச்சகங்களுக்கான உபுண்டு கையேட்டைத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன். ஒரு சொல்லில் வந்து நிற்கிறது.

நான் வேலை பார்க்கும் அச்சகத்தில் பிழை திருத்துவதற்குப் புதிதாக ஒரு பெண் சேர்ந்திருக்கிறார். அவர் `/srv/velai` கோப்புறையைத் திறந்தால் உள்ளே `malar` என்ற பெயர் தெரிகிறது. அதைச் சொடுக்கினால் அனுமதி இல்லை என்று வருகிறது. "கண்ணுக்குத் தெரியுது, உள்ள போக முடியலையே அக்கா" என்கிறார். பார்த்தால் இப்படி இருக்கிறது:

```
drwxr-xr-x root root       /srv/velai
drwx------ achu thirutham  /srv/velai/malar
```

`r` என்பதற்குப் படிக்கும் உரிமை, `w` என்பதற்கு எழுதும் உரிமை என்று போட்டுவிட்டேன். `x`-க்கு நம் பழைய பட்டியலில் 'இயக்கும் உரிமை' என்று இருக்கிறது. நிரலை இயக்கலாம், கோப்புறையை எப்படி இயக்குவது? படிப்பவர் குழம்பிப்போவார். நல்ல சொல் சொல்லுங்கள்.

மேலப்பாளையத்திலிருந்து

தங்கச்சி, சொல்லை அப்புறம் பார்ப்போம், முதலில் வேலை நடக்கட்டும். அந்தப் பெண்ணை `thirutham` குழுவில் சேர்த்துவிட்டு, `malar`-இல் குழுவுக்கு `r` கொடுங்கள், அது போதும். பெயர் தெரிகிறது என்றால் பாதி உரிமை ஏற்கெனவே இருக்கிறது என்றுதான் பொருள்.

பாளையங்கோட்டையிலிருந்து

காலையிலேயே குழுவில் சேர்த்துவிட்டேன் அண்ணாச்சி. நீங்கள் சொன்னபடி `chmod g+r` கொடுத்து, வெளியேறி மறுபடி நுழையச் சொன்னேன். இப்போது `ls -l` கொடுத்தால் இது வருகிறது:

```
ls: cannot access 'malar/attai.odt': Permission denied
-????????? ? ? ? ?            ? attai.odt
```

கோப்பின் பெயர் தெரிகிறது, மற்றதெல்லாம் கேள்விக்குறி. இது முன்னைவிடப் பயமாக இருக்கிறது, கோப்பு கெட்டுவிட்டதோ என்று.

அம்பாசமுத்திரத்திலிருந்து

கோப்பு கெடவில்லை, பயப்பட வேண்டாம். இந்தக் கேள்விக்குறிகளைப் பார்த்தால்தான் `x` எதற்கு என்று விளங்கும்.

மேலப்பாளையம் அண்ணாச்சி சொன்னதில் ஒரு திருத்தம். `malar` என்ற பெயர் தெரிந்தது `malar`-இன் உரிமையால் அல்ல. அந்தப் பெயர் எழுதியிருக்கும் இடம் மேலே உள்ள `velai`. அதற்கு எல்லோருக்கும் `r`, `x` இரண்டும் இருக்கின்றன. அதனால் பெயரும் தெரிகிறது. `malar`-இல் அவருக்குப் பாதி உரிமையும் இல்லை, கால் உரிமையும் இல்லை.

நம்மூர் வளவை நினைத்துக்கொள்ளுங்கள். தெருவைப் பார்த்து ஒரே வாசல், உள்ளே வரிசையாக வீடுகள். வாசலில் யார் யார் குடியிருக்கிறார்கள் என்று பலகை தொங்குகிறது. பலகையைப் படிக்க விடுவது `r`. வாசலைத் தாண்ட விடுவது `x`. உங்கள் பெண் இப்போது பலகையைப் படித்துவிட்டார், வாசல் மட்டும் பூட்டியிருக்கிறது. அதனால் `attai.odt` என்ற பெயர் கிடைத்தது. அது எவ்வளவு பெரியது, யாருடையது, எப்போது மாற்றியது என்பதெல்லாம் வீட்டுக்குள் இருக்கும் செய்தி. அங்கே போக `x` வேண்டும். அது இல்லாததால் `ls` கேள்விக்குறி போடுகிறது.

இப்படிச் செய்யுங்கள்:

```
sudo chmod -R g+rX /srv/velai/malar
```

பெரிய `X` முக்கியம். அது கோப்புறைகளுக்கு `x` கொடுக்கும். ஏற்கெனவே யாருக்காவது `x` உள்ள கோப்புகளைத் தவிர மற்றக் கோப்புகளைத் தொடாது. சின்ன `x` போட்டால் உங்கள் அட்டைப்படம் முதற்கொண்டு எல்லாம் இயக்கக்கூடிய கோப்பாகிவிடும்.

குழுவில் சேர்த்தபின் வெளியேறி நுழையச் சொன்னது சரி. முன்பே திறந்திருக்கும் அமர்வுக்குப் புதுக் குழு தெரியாது. `id` கொடுத்தால் `thirutham` வருகிறதா என்று பாருங்கள்.

தென்காசியிலிருந்து

எங்கள் அலுவலகத்திலும் இதே கதைதான். விண்டோஸ் சேவையகத்தில் கணக்குப் பிரிவின் கோப்புறை எல்லோருக்கும் தெரிகிறது, திறக்க முடியவில்லை. `x` எங்கே போடுவது?

அம்பாசமுத்திரத்திலிருந்து

தம்பி, உங்களுக்கு அது திறக்க வேண்டிய கோப்புறையா, தெரியவே கூடாத கோப்புறையா? கணக்குப் பிரிவு என்றால் இரண்டாவதாகத்தான் இருக்கும். அப்படியானால் உரிமையை மாற்ற வேண்டாம். பகிர்ந்த கோப்புறையின் அமைப்பில், படிக்கும் உரிமை இல்லாதவர் கண்ணில் படாமல் மறைக்க ஒரு தேர்வு உண்டு, அதை இயக்கச் சொல்லுங்கள். விண்டோஸில் கோப்புறையைத் தாண்டும் உரிமை தனியாக இருந்தாலும், அதைச் சோதிக்காமல் விடுவதுதான் வழக்கமான அமைப்பு. அதனால் எங்கள் `x` கதை அப்படியே உங்களுக்குப் பொருந்தாது.

பாளையங்கோட்டையிலிருந்து

திறந்துவிட்டது! அந்தப் பெண் இப்போது மூன்றாம் பக்கம் திருத்திக்கொண்டிருக்கிறார். நன்றி அண்ணாச்சி.

இனி சொல்லுக்கு வருவோம். பாசிக்ஸ் தரநிலை இதைத் தேடும் உரிமை என்கிறது. தமிழில் அப்படிப் போட்டால் தேடுபெட்டிதான் நினைவுக்கு வரும். எனக்கு 'நுழைவுரிமை' பிடித்திருக்கிறது. வளவு வாசலுக்கும் பொருந்துகிறது.

சேரன்மகாதேவியிலிருந்து

கணினி எனக்கு அவ்வளவு தெரியாது, தமிழ் நடத்தி ஓய்வு பெற்றவன். 'நடையுரிமை' என்று வைக்கலாமே. கோயிலில் நடை திறந்தாச்சு, நடை சாத்தியாச்சு என்று தினமும் சொல்கிறோம். மூலவர் உள்ளே இருக்கிறார் என்று தெரியும், நடை சாத்தியிருந்தால் போக முடியாது. உங்கள் சிக்கலும் அதுதானே?

அம்பாசமுத்திரத்திலிருந்து

சார், உவமை அழகு. ஆனால் நடை என்றதும் எழுத்து நடையும் நடந்து போவதும் முன்னால் வந்து நிற்கும்.

நுழைவுரிமையிலும் எனக்கு ஒரு தடை. `x` மட்டும் இருந்து `r` இல்லாத கோப்புறை உண்டு, `drwx--x--x` என்று. அங்கே போய் `ls` கொடுத்தால் ஒன்றும் காட்டாது. ஆனால் உள்ளே இருக்கும் கோப்பின் பெயர் தெரிந்து நேராகக் கேட்டால், அந்தக் கோப்பைப் படிக்க உரிமை இருந்தால் கிடைத்துவிடும். வளவில் பலகை இல்லை, யார் வீடு எது என்று தெரிந்தவர் போய்விடலாம். நுழைவு என்றால் உள்ளே போய் எல்லாம் பார்ப்பது என்று தோன்றும். இங்கே நடப்பது கடப்பது மட்டுமே. அதோடு, ஒரு கோப்பை அடைய மேலிருந்து அதுவரை உள்ள ஒவ்வொரு கோப்புறையிலும் `x` வேண்டும். நடுவில் ஒன்று இல்லாவிட்டாலும் கடைசிக் கோப்பு எட்டாது. எந்த வாசல் பூட்டியிருக்கிறது என்று கண்டுபிடிக்க:

```
namei -l /srv/velai/malar/attai.odt
```

ஒவ்வொரு படியின் உரிமையும் வரிசையாக வரும். அதனால் நான் சொல்வது 'கடவுரிமை'.

சேரன்மகாதேவியிலிருந்து

கடவு என்றால் வழி. தாமிரபரணியைக் கடக்கிறவன் ஆற்றிலேயே தங்குவதில்லை. என் நடையை விட்டுக்கொடுக்கிறேன்.

மேலப்பாளையத்திலிருந்து

எனக்கு உடன்பாடில்லை. கடையில் இரண்டு பையன்களிடம் 'கடவுரிமை இல்லை' என்றால் என்னடா என்று கேட்டேன். இரண்டு பேரும் "கடவுச்சொல் தப்பு" என்றார்கள். அப்படிப் புரிந்துகொண்டவர் கடவுச்சொல்லை மாற்றிக்கொண்டே இருப்பார், கோப்புறை திறக்காது. 'நுழைவுரிமை இல்லை' என்றதற்கு, "உள்ள விடமாட்டேங்குது" என்று சரியாகச் சொன்னார்கள்.

பாளையங்கோட்டையிலிருந்து

இது எனக்குத் தோன்றவே இல்லை அண்ணாச்சி. பிழைச்செய்தியில் 'நுழைவுரிமை' என்றும், `x`-ஐ விளக்கும் அதிகாரத்தில் 'கடவுரிமை' என்றும் போடலாமா? ஒரே பொருளுக்கு இரண்டு சொல் வைப்பதும் உறுத்துகிறது. பிழை திருத்தும் பெண்ணிடம் கேட்டேன், 'தாண்டுரிமை' என்கிறார். வாசலைத் தாண்டுவது என்று அம்பாசமுத்திரம் அண்ணாச்சியே எழுதியிருக்கிறாராம்.

அம்பாசமுத்திரத்திலிருந்து

தாண்டுரிமை. இரண்டு நாள் கொடுங்கள், சொல்லிப் பார்க்கிறேன்.