பிரபலரின் படத்தைக் கொடுத்தால் முகம் மாறுவது ஏன்?

வணக்கம். படம் உருவாக்கும் செயலிகளின் உள்வேலை தெரிந்தவர்கள் உதவ வேண்டும்.

சுவரிதழ் ஒன்றுக்காக, பதவியில் இருக்கும் ஒரு நாட்டுத் தலைவரின் புகைப்படத்தைக் கொடுத்து, அதை நீர்வண்ண ஓவியமாக்கக் கேட்டேன். பெயரைக் குறிப்பிட்டதும் படம் தொடங்கும் முன்பே மறுப்பு வந்துவிட்டது. பெயரை நீக்கியபோது படம் வந்தது. கோட்டும் கண்ணாடியும் அவருடையவை, முகம் மட்டும் யாரோ ஒருவருடையது!

முதல் மறுப்பு புரிகிறது. போலிப் படங்களுக்கும் தேர்தல் நேரப் பொய்ப் பிரசாரத்துக்கும் அஞ்சிப் பெயரையே தடுக்கிறார்கள். இரண்டாவதுதான் குழப்பம். சில செயலிகள் நம் கோரிக்கையை உள்ளே திருத்தி எழுதி, இன்னார் என்பதை நீக்கிப் பொதுவான வருணனையாக்கிவிடும். வேறு சிலவற்றில் மாதிரிப் படத்தைச் சுருக்கிப் படிக்கும்போதே முக நுணுக்கங்கள் தொலைந்துவிடும். அதில் உள்நோக்கம் எதுவும் இல்லை.

எது என்று அறிய, அதே கோரிக்கையுடன் என் படத்தைக் கொடுத்தேன். சாயல் நன்றாகவே வந்தது. பயிற்சிப் படங்களில் ஏராளமாக இருக்கும் பிரபலரின் முகம் இன்னும் எளிதாக அல்லவா வந்திருக்க வேண்டும்? அப்படியானால் வேண்டுமென்றே மாற்றியதாகக் கொள்ளலாமா? இதை உறுதிசெய்ய வேறு சோதனை உண்டா? மறைந்த வரலாற்றுத் தலைவர்களின் படங்களுக்கும் இதே தடை வருகிறதா என்று முயன்றவர்கள் சொல்லுங்கள்.