பாலில் எஸ்.என்.எஃப் ஏறவில்லை: மீதிக் கடனைத் தீவனத்தில் போடலாமா, ஆட்டில் போடலாமா?

திருவண்ணாமலை மாவட்டத்துக் கிராமம். மகளிர் குழுக் கடன் 60,000 ரூபாயில் 42,000-க்கு ஜெர்சி கலப்பின மாடு வாங்கினேன். இரண்டாம் ஈற்று, கன்று போட்டு நான்கு மாதம். தினமும் 8 லிட்டர் கறக்கிறது. கொழுப்பு 4.2 வருகிறது, ஆனால் எஸ்.என்.எஃப் 7.8-ஐத் தாண்டவில்லை. அதனால் விலையைக் குறைக்கிறார்கள், மாதத் தவணை கட்டுவதே இழுபறியாக இருக்கிறது.

மடிநோயாக இருக்குமோ என்று கால்நடை மருத்துவரிடம் காட்டினேன். நான்கு காம்பும் சுத்தம் என்றார். தாது உப்பு தினம் 50 கிராம் ஒரு மாதமாகக் கொடுக்கிறேன், மாற்றமில்லை. தவிடு கூட்டினேன், சாணம்தான் இளகியது. வைக்கோலும் 3 கிலோ கலப்புத் தீவனமும்தான் போடுகிறேன் என்றதும், இந்தக் கறவைக்கு நாலரை கிலோவாவது வேண்டும், மாவுச்சத்து போதாததால்தான் எஸ்.என்.எஃப் இறங்குகிறது என்றார். கன்றுக்கு ஒரு காம்பு விடுகிறேன், அதை நிறுத்த மனமில்லை.

கையில் 18,000 இருக்கிறது. கிணற்றடியில் 10 சென்ட் நிலம் உண்டு. அங்கே கோ-4 புல் நட்டு, மக்காச்சோள மாவும் சேர்த்துப் போடலாம். அல்லது இரண்டு பெட்டை ஆடு வாங்கலாம், ஆனால் குட்டி விற்றுப் பணம் பார்க்க ஒரு வருடமாவது ஆகும்.

இதே நிலையில் தீவனத்தை மாற்றியவர்களுக்கு எஸ்.என்.எஃப் 8.2-க்கு வர எத்தனை நாள் ஆனது?