புதுப்பிப்பு: சவரம் செய்த அக்குளில் வெளுப்பு ரோல்-ஆன்

"அக்கா, முந்தாநாள் சவரம் செய்தேன். நேற்று அக்குள் வெளுக்க கிளைகாலிக் அமில ரோல்-ஆன் போட்டதும் எரிந்தது. தொடர்ந்து போட்டால் பழகிவிடுமா?"

நிறுத்திவிடுங்கள் தங்கச்சி. கத்தி முடியோடு தோலின் மேற்படலத்தையும் சுரண்டிவிடுகிறது. அங்கே அமிலம் வழக்கத்தைவிட ஆழமாக இறங்கி அழற்சியைக் கிளப்பும். நம் நிறத் தோலில் அழற்சி ஆறும்போது கருமை தங்கிவிடும். வெளுக்கப் போட்டதே கறுக்க வைக்கும்.

இப்போது வெறும் தண்ணீரில் கழுவி, ஒற்றியெடுத்து, மெல்லிதாக வாஸ்லின் தடவினால் போதும். சிங்கப்பூர்ப் புழுக்கத்தில் வியர்வை பட்டும் எரியாமல், சிவப்பும் போன பிறகு கருமையைக் குறைக்கும் 5% நியாசினமைடு பூச்சில் தொடங்குங்கள். கிளைகாலிக்தான் வேண்டுமென்றால் வாரம் இரண்டு இரவு. சவரம் செய்த அன்றும் மறுநாளும் வேண்டாம். உருளையை நேராக உருட்டாமல் விரலில் எடுத்துத் தடவுங்கள். கீறலில் பட்ட உருளை கிருமியைப் புட்டிக்குள் கொண்டுபோகும்.

"எலுமிச்சையும் அமிலம்தானே, அதையே தடவலாமே" என்று இங்கே எழுதிய அண்ணன் சொன்னது பாதி சரி. ஆனால் அதன் சாறு பட்ட தோலில் வெயில் பட்டால் கொப்புளம் எழும்பலாம்.

சவரமே செய்யாத மகனுக்குக் கழுத்திலும் அக்குளிலும் வெல்வெட் போலத் தடித்த கருமை என்று எழுதிய அம்மா, அது வேறு விஷயம். கிரீம் உதவாது, பலதுறை மருந்தகத்தில் சர்க்கரைப் பரிசோதனை கேளுங்கள்.

சவரத்துக்குப் பதில் வாக்சிங் நல்லதா என்பதில் இங்கே எழுதிய இருவர் இன்னும் ஒத்துப்போகவில்லை. அதுவும் சிலருக்கு அழற்சி தரும்.